எண்ணூர் எண்ணெய்க்கு எந்தச் சட்டம்?

கொழும்புக்கு அப்பால் 2021 மே மாதம் தீப்பிடித்து, ஜூனில் மூழ்கியது எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல். அதன் உரிமையாளர் கட்ட வேண்டிய தொகைக்கு லண்டன் நீதிமன்றம் விதித்த உச்சவரம்பு சுமார் 1.9 கோடி பவுண்டு. அதே விபத்துக்கு 100 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் தொகையைப் போல இரண்டாவது ஏறக்குறைய நாற்பது மடங்கு. கப்பல் ஒன்று, கடல் ஒன்று. கணக்கு மட்டும் இரண்டாகிப்போனது. லண்டன் நீதிமன்றம் பன்னாட்டு உடன்படிக்கையின் அளவுகோலைக் கையில் எடுத்தது. கொழும்போ மாசுபடுத்தியவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்ற பொதுக் கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டது.

எந்த அளவுகோல் என்ற இந்தக் கேள்வி வடசென்னைக்கு அந்நியமானதல்ல. சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என மூன்று துறைமுகங்கள் அடுத்தடுத்து நிற்கும் கரை இது. ராயபுரம் காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை, கப்பல் போகும் அதே தண்ணீரில்தான் படகும் போகிறது. இங்கே எண்ணெய் கொட்டினால் மீனவருக்குக் கிடைக்கப்போவது எவ்வளவு என்பது, எந்தச் சட்டம் முதலில் பேசும் என்பதைப் பொறுத்தது.

2017 ஜனவரி 28

அன்று விடியுமுன் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது பிடபிள்யூ மேப்பிள். 32,000 டன்னுக்கும் மேல் பெட்ரோலியப் பொருளுடன் உள்ளே வந்துகொண்டிருந்தது டான் காஞ்சிபுரம். எண்ணெய்க் கசிவு எதுவும் இல்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. ஓரிரு நாளில் எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரையில் தார் போன்ற கருங்குழம்பு ஒதுங்கியது. அலைதடுப்புக் கற்களின் இடுக்கில் அது புட்டுபோலக் கெட்டிப்பட்டு நின்றது. இயந்திரங்களால் உறிஞ்ச முடியாத அந்தக் குழம்பை, கடலோரக் காவல்படையினரும் தொழிலாளர்களும் மாணவர்களும் மீனவர்களும் வாளி வாளியாக அள்ளிய படங்களை நாம் இன்னும் மறக்கவில்லை.

சட்டத்தின் கண்ணுக்கு முக்கியமான ஒரு விவரம் அந்தக் குழம்பிலேயே இருந்தது. கொட்டியது சரக்காக வந்த எண்ணெய் அல்ல. கப்பல் தன் இயந்திரத்தை ஓட்ட வைத்திருந்த கனரக எரிபொருள். துறைமுகத்தில் இதைப் பங்கர் எண்ணெய் என்பார்கள். மீனவருக்கு இரண்டும் ஒன்றுதான். வலை இரண்டிலும் ஒரேபோலத்தான் கெடுகிறது. ஆனால் சரக்கு எண்ணெய்க்கு ஓர் உடன்படிக்கை, பங்கர் எண்ணெய்க்கு இன்னோர் உடன்படிக்கை என்று உலகம் பிரித்து வைத்திருக்கிறது.

எண்ணெய்க் கப்பல்களுக்கானது 1992ஆம் ஆண்டின் குடிமைப் பொறுப்பு உடன்படிக்கை. மற்றக் கப்பல்களின் எரிபொருளுக்கானது 2001ஆம் ஆண்டின் பங்கர் உடன்படிக்கை. இரண்டிலும் இந்தியா உறுப்பினர். எண்ணெய்க் கப்பலிலிருந்து அதன் எரிபொருளே கொட்டினாலும் முதல் உடன்படிக்கை பொருந்தக்கூடும். ஆனால், அந்தக் கப்பல் அப்போது என்ன வகை எண்ணெயைச் சுமந்தது, அதற்கு முந்தைய பயணத்தில் எதைச் சுமந்தது, தொட்டியில் அதன் எச்சம் இருந்ததா என்றெல்லாம் கேள்வி வரும். கடலில் நீண்ட நாள் தங்கும் கெட்டி எண்ணெயைத்தான் அது கணக்கில் கொள்கிறது. டீசல் போல ஆவியாகிவிடும் இலகு எண்ணெய் அந்தக் கணக்கில் வராது.

இந்த வேறுபாட்டில் பெரும்பணம் அடங்கியிருக்கிறது. குடிமைப் பொறுப்பு உடன்படிக்கைக்குப் பின்னால், எண்ணெய் வாங்கும் நிறுவனங்கள் பணம் போட்டு வைத்திருக்கும் ஒரு பன்னாட்டு நிதி இருக்கிறது. கப்பல் உரிமையாளரின் வரம்பு போதாவிட்டால் மிச்சத்தை அது தரும். பங்கர் உடன்படிக்கைக்கு அப்படியோர் இரண்டாம் கை இல்லை. காட்டுப்பள்ளிக்கு வரும் ஒரு கன்டெய்னர் கப்பலின் எரிபொருள் நாளை கொட்டினால், கப்பல் உரிமையாளரின் காப்பீடு தருவதோடு உடன்படிக்கையின் வேலை முடிந்தது.

உடன்படிக்கை தருவதும் தடுப்பதும்

உடன்படிக்கையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. அது தருவது பெரிய வசதி. கப்பல் உரிமையாளரின் தவறை மீனவர் நிரூபிக்கத் தேவையில்லை. எண்ணெய் அந்தக் கப்பலிலிருந்து வந்தது என்றால் போதும். கப்பலுக்குக் காப்பீடு கட்டாயம். காப்பீட்டாளர் மீதே நேராக வழக்குப் போடலாம். உரிமையாளர் பனாமாவில் இருக்கிறாரா, பெயர்ப் பலகை மட்டும் உள்ள ஒரு நிறுவனமா என்று தேடி அலைய வேண்டாம்.

இந்த வசதிக்கு ஈடாக உடன்படிக்கை கேட்பது உச்சவரம்பு. உதாரணத்துக்கு, மொத்தக் கொள்ளளவு 30,000 டன் உள்ள ஓர் எண்ணெய்க் கப்பலை எடுத்துக்கொள்வோம். பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகில், முதல் 5,000 டன்னுக்கு 45.1 லட்சம். மீதமுள்ள 25,000 டன்னுக்கு டன்னுக்கு 631 வீதம் 1 கோடியே 57 லட்சத்து 75 ஆயிரம். மொத்தம் 2 கோடியே 2 லட்சத்து 85 ஆயிரம் அலகு. 2017இல் ஓர் அலகு சுமார் 90 ரூபாய் என்று வைத்தால், 180 கோடி ரூபாயைச் சற்றுத் தாண்டும். சேதம் 100 கோடி என்றாலும் 1,000 கோடி என்றாலும் உரிமையாளரின் பொறுப்பு அந்த இடத்தில் நின்றுவிடும். வரம்பை உடைக்க வேண்டுமென்றால், உரிமையாளரே சேதம் நேரும் என்று தெரிந்தும் அலட்சியமாக நடந்தார் என்று காட்ட வேண்டும். கப்பல் தலைவர் தவறினார் என்பது போதாது.

இன்னொரு தடை இதைவிட ஆழமானது. சுற்றுச்சூழல் கெட்டதற்கு உடன்படிக்கை தருவது, சீரமைக்க உண்மையில் எடுத்த அல்லது எடுக்கப்போகும் நியாயமான நடவடிக்கைகளின் செலவை மட்டுமே. மீனவரின் வருமான இழப்புக்கு இடமுண்டு. ஆனால் முகத்துவாரத்தில் நண்டும் இறாலும் முட்டையிடும் சேறு பத்தாண்டுக்குக் கெட்டுப்போனது, அலையாத்தி மரங்கள் பட்டுப்போயின என்றால், யாரும் சீரமைக்கத் திட்டமிடாதவரை அந்தச் சேதத்துக்கு மதிப்பு பூஜ்யம். இயற்கைக்கு விலை போட்டு மொத்தமாக ஒரு தொகை கேட்பதை உடன்படிக்கை ஏற்பதில்லை.

எழுதாத சட்டம்

இங்கேதான் வழக்காறு வருகிறது. பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்க யார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பதைப் பாடு முறை தீர்மானித்து வந்திருக்கிறது. எந்தச் சட்டமன்றமும் அதை இயற்றவில்லை. ஆனாலும் மீனவர்கள் தலைமுறையாக அப்படியே நடந்திருக்கிறார்கள். அப்படி நடக்கக் கடமைப்பட்டவர்கள் என்றும் நம்பியிருக்கிறார்கள். நாடுகளுக்கு இடையிலான வழக்காற்றுச் சட்டமும் இதே இரண்டு கால்களில்தான் நிற்கிறது. நாடுகள் பரவலாக அப்படி நடக்க வேண்டும். சட்டம் என்று கருதியே அப்படி நடக்க வேண்டும்.

பன்னாட்டு நீதிமன்றம் எந்தெந்தச் சட்டத்தைக் கொண்டு வழக்கைத் தீர்க்க வேண்டும் என்பதை அதன் சட்டவிதியின் 38ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் உடன்படிக்கை, அடுத்து வழக்காறு, பிறகு நாகரிக நாடுகள் ஏற்ற பொதுக் கோட்பாடுகள். நீதிமன்றத் தீர்ப்புகளும் அறிஞர் எழுத்துகளும் துணைக் கருவிகள். இந்த வரிசையைப் பார்த்து, உடன்படிக்கைதான் மேல், வழக்காறு கீழ் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள்கூட அப்படி எழுதுவதுண்டு. அது சரியல்ல. 1920இல் முந்தைய உலக நீதிமன்றத்துக்கு இந்தப் பிரிவை வரைந்த குழு, இந்த வரிசைப்படியே பயன்படுத்த வேண்டும் என்ற பொருளில் சில சொற்களை வைத்திருந்தது. இறுதி வடிவத்தில் அவை நீக்கப்பட்டன.

இரண்டும் சமம் என்றால் மோதும்போது எது வெல்லும்? பொதுவானதைவிட, ஒரு விஷயத்துக்கென்றே குறிப்பாகச் செய்த விதி முந்தும். பெரும்பாலும் குறிப்பான விதி உடன்படிக்கையில் இருப்பதால், நடைமுறையில் உடன்படிக்கை முந்துவதுபோலத் தோன்றும். ஆனால் அது வாய் திறக்காத இடத்தில் வழக்காறு செத்துவிடுவதில்லை. இதை 1986இல் நிகரகுவா வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. பல நாட்டு உடன்படிக்கைகள் தொடர்பான தகராறுகளை விசாரிக்கக் கூடாது என்று அமெரிக்கா முன்பே நிபந்தனை போட்டிருந்தது. அதனால் ஐநா சாசனத்தை நேரடியாகப் பயன்படுத்த நீதிமன்றத்தால் முடியவில்லை. பலப் பிரயோகத்துக்கு எதிரான அதே விதி வழக்காற்றிலும் தனியே உயிரோடு இருக்கிறது என்று சொல்லி, அதை வைத்தே அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எழுத்தில் வந்ததால் எழுதாதது மறைந்துபோகாது என்பதே அதன் சாரம்.

உடன்படிக்கையும் வழக்காறும் இரண்டுமே பணிய வேண்டிய விதிகளும் சில உண்டு. இனப்படுகொலை, அடிமைமுறை, சித்திரவதை ஆகியவற்றைத் தடுக்கும் விதிகள் அவை. எண்ணெய்க் கசிவு அந்த உயரத்தில் இல்லை. எனவே நம் கேள்வி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

இந்தியாவில் வரிசை திரும்புகிறது

டில்லி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டால் மறுநாளே அது சென்னை நீதிமன்றத்தில் சட்டமாகிவிடாது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்க வேண்டும். பங்கர் உடன்படிக்கை இதற்குக் கண்முன் இருக்கும் உதாரணம். இந்தியா 2015இல் அதில் சேர்ந்தது. எண்ணூர் விபத்து நடந்தபோது அதற்கான விதிகள் 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்குள் முழுமையாக வந்திருக்கவில்லை. நாடு ஏற்ற உடன்படிக்கைக்கும் நீதிமன்றத்தில் காட்டக்கூடிய சட்டத்துக்கும் இடையே ஓர் ஓட்டை இருந்தது. 1958 சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் 2025இல் நிறைவேற்றிய புதிய வணிகக் கப்பல் சட்டத்தில் பங்கர் எண்ணெய் மாசுக்கும் ஏற்பாடு இருக்கிறது.

வழக்காற்றுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. இதை நிலைநாட்டிய வழக்கு நம் மாநிலத்துடையது. பாலாற்றைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் கெடுத்தபோது வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதும், ஆபத்து வருமுன் காக்க வேண்டும் என்பதும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு சொன்னது. அதற்கு அடித்தளமாக ஒரு விதியையும் சொன்னது: உள்நாட்டுச் சட்டத்துக்கு முரணாக இல்லாத வழக்காற்றுச் சட்டம், நாட்டின் சட்டத்துக்குள் தானாகவே வந்துவிட்டதாகக் கொள்ளலாம். உடன்படிக்கைக்கு நாடாளுமன்றம் தேவை. வழக்காறு உள்ளே வர, எதிரான சட்டம் ஏதும் இல்லாமலிருந்தால் போதும்.

உடன்படிக்கைகளைப் பற்றிய வியன்னா உடன்படிக்கையில் இந்தியா சேரவே இல்லை. ஆனாலும் 2011இல் ராம் ஜெத்மலானி வழக்கில், ஓர் உடன்படிக்கையைப் பொருள்கொள்ளும் விதிகள் வழக்காறாகவே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் அதைப் பயன்படுத்திக்கொண்டது.

வேலூர்த் தீர்ப்பின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். 1992ஆம் ஆண்டு ரியோ பிரகடனத்தின் 16ஆம் கோட்பாடு, மாசுபடுத்துபவர் செலவை ஏற்கும் முறையை நாடுகள் ஊக்குவிக்க முயல வேண்டும் என்ற மெல்லிய நடையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை நாடுகள் அதைக் கடமையாக எண்ணி நடக்கின்றன என்று உச்ச நீதிமன்றம் ஆராய்ந்து காட்டவில்லை. எனவே டில்லியில் செல்லுபடியாகும் இந்த வாதம் ஹேக்கிலும் அப்படியே செல்லும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் எண்ணூர் மீனவர் போகப்போவது ஹேக்குக்கு அல்ல. 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, இதே கோட்பாடுகளைக் கொண்டே தீர்ப்பாயம் முடிவெடுக்க வேண்டும் என்கிறது. வழக்காறு என்று தொடங்கிய வாதம் அப்போதே எழுதிய சட்டமாகவும் ஆகிவிட்டது.

மணலியில் நடந்ததும் கடலில் நடந்ததும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலிச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெளியேறி, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற மட்டத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது.

இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023இல் எண்ணெய் நிலத்திலிருந்து வந்தது. கப்பல் உடன்படிக்கை எதுவும் அங்கே நுழையாது. எனவே உச்சவரம்பும் இல்லை, சீரமைப்புச் செலவு மட்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை. மாசுபடுத்தியவர் செலவு என்ற கோட்பாடு தடையின்றிப் பேசலாம். 2017இல் எண்ணெய் கப்பலிலிருந்து வந்தது. உரிமையாளர் மீது மாசு இழப்பீடு கேட்பதென்றால் உடன்படிக்கையின்படி மட்டுமே கேட்க வேண்டும் என்ற ஒரு பிரிவு குறுக்கே நிற்கும். அந்தப் பிரிவு உள்நாட்டுச் சட்டமாகிவிட்ட இடத்தில், முரணான வழக்காற்றுக்கு நுழைய இடமில்லை என்று கப்பல் தரப்பு வாதாடும். வேலூர்த் தீர்ப்பின் நிபந்தனையே அவர்களுக்குத் துணை போகும்.

அப்படியென்றால் கப்பல் எண்ணெய்க்கு வழக்காறு பயனற்றதா? இல்லை. அதற்கு மூன்று வாசல்கள் திறந்தே இருக்கின்றன என்பது என் கணிப்பு. ஒன்று, உடன்படிக்கை பாதுகாக்காத ஆட்கள். கப்பலின் மாலுமிகள், துறைமுக வழிகாட்டி, வாடகைக்கு எடுத்தவர் ஆகியோர் மீது வழக்குப் போடக் கூடாது என்கிறது குடிமைப் பொறுப்பு உடன்படிக்கை. ஆனால் சரக்கின் உரிமையாளர், மோதிய மற்றக் கப்பல், கண்காணிக்கத் தவறிய துறைமுக நிர்வாகம் ஆகியோரைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. மும்பைக்கு அப்பால் 2011 ஆகஸ்டில் மூழ்கிய எம்வி ராக் கப்பல் வழக்கில், பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் கப்பல் தரப்பை 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னதோடு, நிலக்கரியின் உரிமையாளரான அதானி எண்டர்பிரைசஸையும் 5 கோடி கட்டச் சொன்னது.

இரண்டாவது வாசல், அலட்சியம். 1999இல் பிரெஞ்சுக் கரைக்கு அப்பால் உடைந்த எரிக்கா கப்பல் வழக்கில், 2012இல் பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் டோட்டல் நிறுவனத்தையும் பொறுப்பாக்கியது. சுற்றுச்சூழல் பட்ட சேதத்துக்கும் தனி இழப்பீடு உண்டு என்றது. உடன்படிக்கையின் பாதுகாப்பு அலட்சியக்காரருக்கு இல்லை என்பதே அதன் வழி. மூன்றாவது, உடன்படிக்கை பேசாத சேதம். இது மூன்றிலும் கடினமானது. உடன்படிக்கை பேசாதது, தர மறுத்ததால்தான் என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

எக்ஸ்-பிரஸ் பேர்லை மறுபடி நினைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது. 100 கோடி டாலர் தீர்ப்பு வந்த பிறகு, அந்தத் தொகையைக் கட்ட முடியாது என்று கப்பல் நிறுவனம் மறுத்துவிட்டது. கோட்பாட்டின் பலத்தில் பெறும் பெரிய தீர்ப்பை, வேறு நாட்டில் சொத்து வைத்திருப்பவரிடம் வசூலிப்பது கடினம். உடன்படிக்கைத் தொகை சிறியது. ஆனால் காப்பீட்டாளர் கையில் தயாராக இருக்கிறது. எனவே வடசென்னைக்கு இதுவா அதுவா என்ற தேர்வு தவறான தேர்வு. உடன்படிக்கைப் பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு, அது எட்டாத இடத்துக்குக் கோட்பாட்டைக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்த கசிவுக்கு முன் செய்ய வேண்டியவை

உடன்படிக்கை வழியில் கோருவதற்கு, சேதம் நேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. விபத்து நடந்து ஆறு ஆண்டுக்குப் பிறகு எந்த நிலையிலும் முடியாது. பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு, தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். அரசு ஒரே கோரிக்கையை ஒரே இடத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தால், மற்ற வாசல் அடைபட்டுப்போகும். மாநிலத்தின் சட்டத் துறை, கசிவு நடந்த முதல் மாதத்திலேயே இரண்டு மனுக்களையும் தனித்தனியாகத் தயாரிக்கும் நடைமுறையை எழுதி வைக்க வேண்டும்.

கப்பல் கரையில் இருக்கும்போதே பிடித்து வைப்பதும் அதில் சேர வேண்டும். 2017ஆம் ஆண்டின் கடல்சார் வழக்குச் சட்டப்படி, சுற்றுச்சூழல் சேதத்துக்காகக் கப்பலைக் கைது செய்ய ஆணையிடும் அதிகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. கப்பல் போய்விட்டால் உடன் போவது பேரம் பேசும் பலம். கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோது அம்மாநில அரசு 9,531 கோடி ரூபாய் கோரி வழக்குத் தொடுத்து, அதே குழுமத்தின் வேறொரு கப்பலைப் பிடித்து வைத்தது. அந்த வேகம் தமிழ்நாட்டுக்கும் வேண்டும்.

அடுத்தது ஆதாரம். எந்தச் சட்டத்தில் கோரினாலும் எண்ணெய் எந்தக் கப்பலுடையது என்று காட்ட வேண்டும். கரையில் ஒதுங்கிய குழம்பைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து, இடம், நேரம், எடுத்தவர், பார்த்தவர் விவரங்களுடன் முத்திரையிட்டு ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். கப்பல் எரிபொருள் நிரப்பும்போது எடுத்த மாதிரி ஒன்று, பன்னாட்டு விதிப்படி குறைந்தது ஓராண்டு பாதுகாக்கப்படும். இரண்டின் வேதி ரேகையும் ஒத்தால் கேள்வி முடிந்தது. மீன்வளத் துறையின் ராயபுரம், எண்ணூர் அலுவலகங்களில் இதற்கான புட்டிகளும் பயிற்சி பெற்ற இருவரும் எப்போதும் இருக்க வேண்டும். கசிவு நடந்து நான்காம் நாள் கொள்முதல் ஒப்புதலுக்குக் கோப்பு நகர்த்துவதில் பயன் இல்லை.

பிறகு மீனவரின் கணக்கு. காசிமேட்டு விசைப்படகுகளுக்கு டீசல் மானியப் பதிவும் ஏலக் கணக்கும் இருக்கும். ஃபைபர் படகில் போகிறவரிடம் துண்டுச் சீட்டு இருந்தால் அதிகம். முகத்துவாரத்தில் கையால் இறால் தடவுகிறவர், தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள் ஆகியோரிடம் எதுவும் இல்லை. கசிவுக்குப் பிறகு வாங்க ஆள் வராததால் விழும் விலையின் நஷ்டம் இவர்களைத்தான் முதலில் தாக்கும். சிறு மீனவரிடம் முறையான ரசீது இருக்காது என்பதைப் பன்னாட்டு எண்ணெய் மாசு நிதியே ஒப்புக்கொண்டு, மதிப்பீட்டு முறைக்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஆனால் மதிப்பிடுவதற்கு ஒரு சாதாரண ஆண்டின் அளவு வேண்டும். மீன்வளத் துறை, எண்ணூர் முதல் ராயபுரம் வரையுள்ள ஒவ்வொரு இறங்குதளத்திலும் மாதம் ஒரு வாரமாவது மீன் வரத்தையும் விலையையும் எழுதி வைக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தைப் பிரித்துக் காட்டட்டும். அந்தப் பதிவேட்டில் பெண் விற்பனையாளர்களின் கூடைகளும் இடம்பெற வேண்டும்.

முகத்துவாரத்தின் சேற்றுக்கும் அலையாத்திக்கும் சீரமைப்புத் திட்டம் ஒன்றை இப்போதே தயாரித்து, செலவு மதிப்புடன் வனத் துறை வைத்திருக்க வேண்டும். சீரமைப்புச் செலவை மட்டும்தான் தருவேன் என்ற உடன்படிக்கையிடம், இதோ அந்தச் செலவு என்று நீட்டக்கூடிய தாள் அது. திட்டம் இல்லாத மாநிலத்துக்கு அந்தத் தலைப்பில் ஒரு ரூபாயும் வராது.

கடைசியாக, ஒன்றிய அரசு செய்ய வேண்டியது. 2025ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்கு விதிகள் வகுக்கும்போது, கப்பல் உரிமையாளரின் பொறுப்பு வரம்பு பசுமைத் தீர்ப்பாயம் மற்றவர்கள் மீது விதிக்கும் இழப்பீட்டைக் கட்டுப்படுத்தாது என்பதில் எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கக் கூடாது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால், அடுத்த கசிவின் முதல் இரண்டு ஆண்டுகள், எந்தச் சட்டம் என்ற வாதத்திலேயே கழியும். மூன்று துறைமுகங்களும் உள்ளே வரும் ஒவ்வொரு கப்பலின் காப்பீட்டுச் சான்றிதழ் எண்ணையும் காப்பீட்டாளர் பெயரையும் தங்கள் இணையதளத்தில் அன்றன்று வெளியிடுவதையும் அதே விதிகள் கட்டாயமாக்கலாம். சான்றிதழ் இல்லாத கப்பலைத் துறைமுகத்துக்குள் விடாதிருக்கும் அதிகாரம் உடன்படிக்கையிலேயே இருக்கிறது.